பாக்கியை எழுதி வைக்காதீர்கள்

2021 ஜூலை 30 அன்று தனியார் பள்ளிக் கட்டணம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கொரோனாவால் வருமானம் குறையாத பெற்றோரிடம் 2019-20ஆம் ஆண்டுக் கட்டணத்தில் 85 சதவீதமும், வருமானம் பாதிக்கப்பட்டவர்களிடம் 75 சதவீதமும் வாங்கலாம். அதையும் ஆறு தவணைகளாக வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டில் முதலில் 40 சதவீதம், பிறகு 35 சதவீதம் என்று கணக்கு வேறு மாதிரி இருந்தது.

பெற்றோர் மூச்சுவிட்டார்கள். பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவரை நினைத்துப் பாருங்கள். டேர்ம் 1, டேர்ம் 2, டேர்ம் 3 என்று மூன்றே கட்டம் போட்டு வைத்திருக்கும் எக்செல் தாளில் ஆறு தவணையை எங்கே எழுதுவது? ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதக் கட்டணத்தை எப்படிக் காட்டுவது? மீதி 15 சதவீதம் சலுகையா, பாக்கியா, அல்லது கேட்கவே கூடாத தொகையா?

இவை நீதிமன்றத்துக்குப் போன பிறகு எழுந்த கேள்விகள் அல்ல. சாதாரண ஆண்டிலும் ஒவ்வொரு மெட்ரிக் பள்ளிக் கவுன்டரிலும் இதே வேறு உருவில் வரும். பெரும்பாலான பெற்றோர் முழுத் தொகையை ஒரே தடவையில் கட்டுவதில்லை. “இப்போதைக்குப் பத்தாயிரம் வச்சுக்கோங்க மேடம், மீதியைச் சம்பளம் வந்ததும் கட்டிடறேன்” என்கிற ஒரு வாக்கியத்தைத் தாங்குகிற மாதிரி டேட்டாபேஸை அமைப்பதுதான் இங்கே கலை. உள்ளூரில் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள் அந்த இடத்தில்தான் திணறும்.

திணறலின் வேர் பெரும்பாலும் ஒன்றே. மாணவர் பட்டியலில் பெயர், வகுப்பு, மொத்தக் கட்டணம், கட்டியது, பாக்கி என்று அடுத்தடுத்து நெடுவரிசைகள் இருக்கும். பணம் வந்தால் ‘கட்டியது’ ஏறும், ‘பாக்கி’ இறங்கும். பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்து, “ஜூன்ல கட்டின பத்தாயிரம் எதுக்குப் போச்சு? வேனுக்கா, புத்தகத்துக்கா?” என்று பெற்றோர் கேட்டால் பதில் இருக்காது. பாக்கி 8,300 என்று தெரியும். அது ஏன் 8,300 என்று யாருக்கும் தெரியாது.

மளிகைக் கடைக்காரர் இதில் தெளிவானவர். அவருடைய பற்று நோட்டில் நீங்கள் வாங்கியது ஒரு வரி, கொடுத்தது இன்னொரு வரி. மாசக் கடைசியில்தான் கூட்டிக் கழிப்பார். பள்ளிக்கும் அந்த முறைதான் பொருந்தும். பாக்கி என்பது எழுதி வைக்கிற தகவல் அல்ல, கேட்கும்போது கணக்கிட்டுச் சொல்கிற விடை. எழுதி வைக்க வேண்டியவை நான்கு: என்ன கேட்டோம், என்ன விட்டுக்கொடுத்தோம், என்ன வந்தது, வந்தது எதற்குப் போனது.

இந்த நான்கும் நான்கு அட்டவணைகள். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளம் என்பதன் அடிப்படையும் இதுதான். ஒரு வகைத் தகவலுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண். மற்ற அட்டவணைகள் அந்த எண்ணைச் சொல்லியே அந்தப் பதிவைச் சுட்டும். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதினால் என்றாவது ஒரு நாள் இரண்டும் முரண்படும் என்ற கவலைதான் இந்த ஒழுங்கெல்லாம் வரக் காரணம். ‘பாக்கி’ நெடுவரிசை அப்படி இரண்டாவது இடத்தில் எழுதிய செய்தி.

ஓர் உதாரணத்தோடு போவோம். கவின் என்று ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 36,000 ரூபாய், ஜூன், அக்டோபர், ஜனவரி என்று மூன்று தவணை. வேன் ஒவ்வொரு தவணைக்கும் 3,000. புத்தகம், நோட்டுக்கு ஜூனில் ஒரே தடவை 4,500. அவன் அக்கா அதே பள்ளியில் படிப்பதால் கல்விக் கட்டணத்தில் மட்டும் அவனுக்கு 10 சதவீதம் சலுகை.

முதல் அட்டவணை, கேட்க வேண்டிய தொகைகளுக்கு. கவினுக்கு ஓர் ஆண்டில் ஏழு பதிவுகள்: கல்விக் கட்டணம் மூன்று, வேன் மூன்று, புத்தகம் ஒன்று. ஒவ்வொன்றிலும் எந்த இனம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு என்று இருக்கும்.

```sql
CREATE TABLE due (
  due_id    INTEGER PRIMARY KEY,
  enrol_id  INTEGER NOT NULL REFERENCES enrolment,
  head_id   INTEGER NOT NULL REFERENCES fee_head,
  due_date  DATE NOT NULL,
  amount    NUMERIC(10,2) NOT NULL CHECK (amount > 0)
);
```

தவணை என்பது இங்கே நெடுவரிசை அல்ல, பதிவு. அதனால் மூன்று தவணை ஆறானால் மென்பொருளை மாற்ற வேண்டாம். மூன்று பதிவுக்குப் பதில் ஆறு பதிவு போட்டால் முடிந்தது. ஒரு பெற்றோர் கரஸ்பாண்டென்ட்டைப் பார்த்துப் பேசி, தன் பிள்ளைக்கு மட்டும் மாதத் தவணை வாங்கிக்கொண்டு வந்தாலும் அப்படியே.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். `enrol_id` மாணவனுடைய எண் அல்ல, ‘கவின், ஆறாம் வகுப்பு, இந்தக் கல்வி ஆண்டு’ என்கிற சேர்க்கையின் எண். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வேறு எண் வரும். பழைய பாக்கி இருந்தால் அது பழைய எண்ணிலேயே கிடக்கட்டும். ‘முன்பாக்கி’ என்று புதிய ஆண்டில் ஒரு பதிவு போட்டால், பழைய பதிவும் புதிய பதிவும் சேர்ந்து ஒரே பாக்கி இரண்டாகத் தெரியும்.

இன்னொன்று, தொகை. ஆறாம் வகுப்புக்கு இவ்வளவு என்ற கட்டண விகிதம் வேறோர் அட்டவணையில் இருக்கத்தானே செய்கிறது, அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. ஒருமுறை நிர்ணயித்தால் மூன்று கல்வி ஆண்டுக்குச் செல்லும். புதிய கட்டணம் வந்ததும் அலுவலகத்தில் யாராவது விகித அட்டவணையில் எண்ணை மாற்றுவார்கள். அந்த நொடியில், இரண்டு வருடத்துக்கு முன் முழுசாகக் கட்டி முடித்த பிள்ளைகளுக்கெல்லாம் பாக்கி முளைத்துவிடும். விகிதம் என்பது வருங்காலத்துக்கான விதி. `due` என்பது குறிப்பிட்ட ஒரு பெற்றோரிடம் குறிப்பிட்ட நாளில் கேட்ட தொகை. ஆண்டுத் தொடக்கத்தில் விதியைப் பார்த்துத் தொகையை `due`வில் எழுதிய பிறகு, இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட வேண்டும்.

சலுகைக்கு வருவோம். எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது என்பது என் எண்ணம். குறுக்கு வழி இரண்டு உண்டு. ஒன்று, 12,000க்குப் பதில் 10,800 என்றே கேட்டுவிடுவது. கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் இந்த ஆண்டு மொத்தம் எவ்வளவு சலுகை கொடுத்தோம், யார் அனுமதித்தது என்று நிர்வாகமோ ஆடிட்டரோ கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. கவினுக்கு ஏன் 10,800, பக்கத்துப் பையனுக்கு ஏன் 12,000 என்பது அந்தக் கிளார்க்கின் நினைவில் மட்டும் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் இருக்காது.

இன்னொரு குறுக்கு வழி மோசமானது: சலுகையையும் பணம் வந்ததாகப் போடுவது. ‘கட்டண முறை’ என்ற இடத்தில் ரொக்கம், காசோலை, யுபிஐ என்ற பட்டியலில் நான்காவதாக ‘சலுகை’ என்று ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். பாக்கி சரியாகக் குறையும். ஆனால் சாயங்காலம் கல்லாவை எண்ணினால் பணம் குறையும், ஏனென்றால் 1,200 ரூபாய் வரவே இல்லை. இதன் இன்னொரு விளைவு பிப்ரவரி, மார்ச்சில் தெரியும். பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோர் வரிக் கழிவுக்காகக் கல்விக் கட்டணச் சான்று கேட்டு வருவார்கள். அவர்கள் உண்மையில் கட்டியது 32,400. சலுகையும் ‘வரவு’ ஆகிவிட்டால் கம்ப்யூட்டர் 36,000 என்று அச்சடிக்கும். கட்டாத பணத்துக்குப் பள்ளியே கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்ததாகிவிடும்.

ஆகவே சலுகைக்குத் தனி அட்டவணை. எந்த `due`வுக்கு, எத்தனை ரூபாய், என்ன காரணம், யார் அனுமதித்தது, எந்தத் தேதியில். கவினுக்கு மூன்று பதிவுகள். ஒவ்வொரு தவணைக் கல்விக் கட்டணத்துக்கும் 1,200. பத்து சதவீதம் என்பதை இங்கே எழுதக் கூடாது. அதைக் கணக்கிட்டு வந்த ரூபாயை எழுத வேண்டும். சதவீதம் எந்தத் தொகையின் மேல் என்ற விவாதம் அடுத்த ஆண்டு வந்தால், இந்த ஆண்டுக் கணக்கு அசையக் கூடாது. தொகைக்கு `NUMERIC` போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. தசமப் புள்ளி மிதக்கும் `FLOAT` வகையில் 0.1 போன்ற எண்கள் துல்லியமாக நிற்காது. பல ஆயிரம் ரசீதைக் கூட்டும்போது சில பைசா எங்கிருந்தோ வரும், எங்கோ போகும்.

ஆண்டு நடுவில் கொடுக்கும் சலுகை கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஒரு மாணவியின் தந்தை செப்டம்பரில் இறந்துவிடுகிறார். ஆண்டு முழுமைக்கும் பாதிக் கட்டணம் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது, 18,000 சலுகை. ஆனால் ஜூன் தவணை 12,000ஐ அந்தக் குடும்பம் ஏற்கெனவே முழுசாகக் கட்டிவிட்டது. ஜூன் பதிவில் 6,000 சலுகை போட்டால் அந்தப் பதிவு மைனஸ் 6,000 ஆகும். கொடுத்த ரசீதும் கணக்கும் ஒத்துப்போகாது. கட்டி முடித்த தவணையைத் தொடாமல், 18,000ஐயும் இனி வரும் தவணைகளில் போடுவதுதான் நல்லது: அக்டோபருக்கு 12,000, ஜனவரிக்கு 6,000. அந்தக் குடும்பம் ஜனவரியில் 6,000 கட்டினால் போதும். ஆண்டு மொத்தம் 18,000 என்பது மாறவில்லை, பழைய ரசீதையும் யாரும் திருத்தவில்லை.

இப்போது பணம் வருகிறது. ஜூன் மாதம் கவின் வீட்டார் கட்ட வேண்டியது கல்விக்கு 10,800, புத்தகத்துக்கு 4,500, வேனுக்கு 3,000; ஆக 18,300. ஜூன் 8 அன்று அப்பா 10,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கிறார். ரசீது அட்டவணையில் ஒரு பதிவு: எண், தேதி, தொகை, முறை. ரசீதில் இனம் எதுவும் இருக்காது என்பதைப் பாருங்கள். ஒரே ரசீது பல இனங்களுக்குப் பிரியும். ஒரே இனத்துக்குப் பல ரசீதுகளிலிருந்து பணம் வரும். இரண்டு பக்கமும் பல என்றால் நடுவில் ஓர் அட்டவணை வேண்டும்.

```sql
CREATE TABLE allocation (
  receipt_id INTEGER NOT NULL REFERENCES receipt,
  due_id     INTEGER NOT NULL REFERENCES due,
  amount     NUMERIC(10,2) NOT NULL CHECK (amount <> 0),
  PRIMARY KEY (receipt_id, due_id)
);
```

பகுதித் தொகையின் முழுச் சுமையையும் சுமப்பது இந்தச் சின்ன அட்டவணைதான். பத்தாயிரம் எப்படிப் பிரிய வேண்டும் என்பது பள்ளியின் முடிவு. டேட்டாபேஸ் அதைச் சொல்லாது. பழைய தேதிக்கு உரியது முதலில் என்பது பொது வழக்கம். ஒரே தேதியில் பல இனங்கள் இருந்தால் எது முன்னால் என்று ஒரு வரிசை வேண்டும். `fee_head` அட்டவணையில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் வைத்துவிடலாம். இந்தப் பள்ளி புத்தகக் கடைக்குப் பணம் கொடுத்தாக வேண்டியிருப்பதால் புத்தகம் முதலில், பிறகு கல்வி, கடைசியில் வேன் என்று வைத்திருக்கிறது. ஆக 4,500 புத்தகத்துக்கு, மீதி 5,500 கல்விக்கு. இரண்டு பதிவுகள். இப்போது பாக்கி என்ன? கல்வியில் 12,000 கழித்தல் 1,200 கழித்தல் 5,500, அதாவது 5,300. வேன் 3,000. மொத்தம் 8,300. முன்பு காரணம் தெரியாமல் நின்ற அதே 8,300க்கு இப்போது பதில் இருக்கிறது.

ஜூன் 25 அன்று அப்பா கையில் இருக்கிற காசோலைப் புத்தகத்தைத் திறந்து, முழுத் தொகையாக இருக்கட்டும் என்று 10,000க்கு எழுதிக் கொடுக்கிறார். 5,300 கல்விக்கு, 3,000 வேனுக்கு. மீதி 1,700 எங்கே போகும்? அக்டோபர் தவணைக்கு இப்போதே ஒதுக்கலாம். ஒதுக்காமலும் விடலாம். விடுவது எனக்குப் பிடித்த வழி. ரசீது 10,000 என்கிறது, ஒதுக்கியது 8,300, வித்தியாசம் முன்பணம். அதற்கென்று தனி அட்டவணையோ தனி நெடுவரிசையோ தேவையில்லை. அக்டோபரில் வேனை நிறுத்திவிட்டால் அந்தப் பணத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கிற வேலையும் மிச்சம்.

ஜூலை 2. வங்கியிலிருந்து செய்தி: காசோலை திரும்பிவிட்டது.

கணக்கு மென்பொருளின் குணம் இந்த நாளில்தான் தெரியும். கிளார்க்கின் கை தன்னால் ‘டெலீட்’ பொத்தானுக்குப் போகும். ஆனால் அந்த ரசீதின் அச்சுப் பிரதி பெற்றோர் கையில் இருக்கிறது. நம் கணக்கிலோ அந்த எண்ணே இருக்காது. ரசீது எண்களில் ஓட்டை விழுந்தால் ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான், கேட்கவும் வேண்டும். ஏனென்றால் வாங்கிய ரொக்கத்தைச் சுருட்டுகிறவர் செய்வதும் இதே காரியம்தான்: ரசீது கொடுத்துவிட்டு, மாலையில் பதிவை அழிப்பது. அழிக்கும் வசதியே இல்லாமல் இருப்பது நேர்மையான கிளார்க்குக்கும் பாதுகாப்பு.

அழிப்பதற்குப் பதில் எதிர்ப்பதிவு போட வேண்டும். ரசீது அட்டவணையில் ஜூலை 2 தேதியிட்டு மைனஸ் 10,000க்குப் புதிய பதிவு. அதில் `reverses_id` என்ற இடத்தில் பழைய ரசீதின் எண். ஒதுக்கீட்டு அட்டவணையில் கல்விக்கு மைனஸ் 5,300, வேனுக்கு மைனஸ் 3,000. ஒதுக்காமல் கிடந்த 1,700 தானாகவே ஒழிந்துவிடும். மைனஸ் 10,000இல் மைனஸ் 8,300 ஒதுக்கப்பட்டது போக மைனஸ் 1,700 மிஞ்சி அதைச் சமன் செய்கிறது. பாக்கி மீண்டும் 8,300. ஜூன் 30 நிலவரப்படி பாக்கி எவ்வளவு என்று எப்போது கேட்டாலும், அன்று நாம் நம்பியபடியே பூஜ்யம் என்று வரும். ஜூலை 2 நிலவரம் கேட்டால் 8,300 என்று வரும். இரண்டும் உண்மை.

வங்கி பிடித்த கட்டணத்தைப் பள்ளி பெற்றோரிடம் வசூலிக்கும் என்றால், 300 ரூபாய்க்கு `due`வில் இன்னொரு பதிவு, ‘காசோலை திரும்பிய கட்டணம்’ என்ற இனத்தில். தாமதக் கட்டணமும் இப்படியே. நாளுக்கு இவ்வளவு என்று திரையில் கணக்கிட்டுக் காட்டிக்கொண்டே இருந்தால், காலையில் போனில் சொன்ன தொகையும் சாயங்காலம் கவுன்டரில் சொல்லும் தொகையும் வேறாகிச் சண்டை வரும். விதிக்கும் நாளில் பதிவாகப் போட்டுவிட்டால் அந்தத் தொகை அதோடு நின்றுவிடும். ஜூலை 6 அன்று அப்பா யுபிஐயில் 8,600 அனுப்புகிறார். 5,300, 3,000, 300. ஜூன் கணக்கு முடிந்தது.

இனி பாக்கிப் பட்டியல் எடுக்க வேண்டும். அட்டவணை அமைப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. புதிதாக எழுதுகிறவர் `due`, `concession`, `allocation` மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டச் சொல்வார். கவினின் ஜூன் கல்விக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சலுகைப் பதிவு ஒன்று: 1,200. ஒதுக்கீட்டுப் பதிவுகள் நான்கு: 5,500, 5,300, மைனஸ் 5,300, மீண்டும் 5,300. மூன்று அட்டவணையையும் சேர்க்கும்போது, நான்கு ஒதுக்கீட்டுக்கும் பக்கத்தில் அந்த ஒரே சலுகை நான்கு தடவை வந்து உட்காரும். கூட்டினால் சலுகை 4,800. 12,000 கழித்தல் 4,800 கழித்தல் 10,800. விடை மைனஸ் 3,600. சரியாகக் கட்டி முடித்த குடும்பத்துக்குப் பள்ளி 3,600 தர வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. கவினின் ஆண்டுச் சலுகையும் தற்செயலாக அதே 3,600 என்பதால், “ஓ, அந்தச் சலுகைப் பணம்தான் போல” என்று யாராவது விட்டுவிடவும் கூடும்.

இந்தப் பிழையின் அடையாளம், எல்லோருக்கும் வராது என்பதுதான். சலுகையும் இருந்து, பணமும் பல தடவையாகக் கட்டிய பிள்ளைகளுக்கு மட்டும் வரும். ஒரே தடவையில் கட்டியவர்களை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். தவிர்க்கும் வழி எளிது: சலுகையைத் தனியாகக் கூட்டு, ஒதுக்கீட்டைத் தனியாகக் கூட்டு, பிறகு கழி.

```sql
SELECT d.due_id,
       d.amount
       - COALESCE((SELECT SUM(c.amount) FROM concession c
                   WHERE c.due_id = d.due_id), 0)
       - COALESCE((SELECT SUM(a.amount) FROM allocation a
                   WHERE a.due_id = d.due_id), 0) AS balance
FROM due d;
```

நடுவில் இருக்கும் `COALESCE` அலங்காரம் அல்ல. சலுகையே இல்லாத பிள்ளைக்கு அந்தக் கூட்டலின் விடை பூஜ்யம் அல்ல. `NULL`, அதாவது ‘தெரியாது’. 12,000இல் தெரியாததைக் கழித்தால் விடையும் தெரியாது. பாக்கி பூஜ்யத்துக்கு மேல் உள்ளவர்களைக் காட்டு என்று கேட்டால், ‘தெரியாது’ என்பவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். விளைவைப் பாருங்கள்: சலுகையும் வாங்காமல், ஒரு பைசாவும் கட்டாமல் இருப்பவரும் பாக்கிப் பட்டியலிலிருந்து காணாமல் போவார். `COALESCE` அந்த ‘தெரியாது’வைப் பூஜ்யமாக்குகிறது.

டேட்டாபேஸ் தானே காவல் காக்கும் விதிகளுக்கும் எல்லை உண்டு. தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாத ரசீது எண்ணைச் சுட்டக் கூடாது என்பதையெல்லாம் அது ஒவ்வொரு பதிவிலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு ரசீதின் ஒதுக்கீடுகள் எல்லாம் சேர்ந்து ரசீதுத் தொகையைத் தாண்டக் கூடாது என்பது பல பதிவுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டிய விதி. `CHECK` நாம் போடும் அந்த ஒரு பதிவைத்தான் பார்க்கும். இரண்டு கவுன்டர் இருக்கிற பள்ளியில் இது நிஜமாகவே நடக்கும். அப்பா ஒரு கவுன்டரில் 5,300 கட்டிக்கொண்டிருக்கும் அதே நிமிடம், அம்மா அனுப்பிய யுபிஐ தொகையை இன்னொரு கவுன்டரில் பதிவு செய்கிறார்கள். இரண்டு திரையிலும் பாக்கி 5,300 என்றே தெரிகிறது. இரண்டு பேரும் அதே தவணைக்கு ஒதுக்குகிறார்கள். பணம் இரண்டு தடவை வந்தது தவறில்லை. ஒரே தவணைக்கு 5,300 கூடுதலாக ஏறியதுதான் தவறு. ஒதுக்குவதற்கு முன் அந்த மாணவனின் சேர்க்கைப் பதிவை `SELECT ... FOR UPDATE` என்று பூட்டிக்கொண்டால், இரண்டாவது கவுன்டர் சில நொடி காத்திருந்து புதிய பாக்கியைப் பார்க்கும். அம்மாவின் பணம் முன்பணமாக நிற்கும்.

பூட்டு போட்டிருந்தாலும், கடையடைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. இன்றைய ரசீதுகளின் கூட்டல், முறை வாரியாக, கல்லாவில் உள்ள ரொக்கத்தோடும் வங்கிக் கணக்கில் விழுந்ததோடும் டேலி ஆகிறதா? பாக்கி மைனஸாக உள்ள `due` ஏதாவது இருக்கிறதா? எதிர்ப்பதிவுகளைத் தவிர்த்து, ரசீதுத் தொகையை விட அதிகமாக ஒதுக்கிய ரசீது உண்டா? பின் இரண்டுக்கும் பட்டியல் காலியாக வர வேண்டும். இரண்டாவது பட்டியலில் ஒரு பெயர் வந்தால், முதலில் அந்தப் பிள்ளைக்குச் சலுகை எப்போது போட்டார்கள் என்ற தேதியைப் பாருங்கள். கட்டி முடித்த தவணையில் பின்னால் போட்ட சலுகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இல்லையென்றால் இரண்டு ரசீதுகளின் நேரத்தை ஒப்பிட வேண்டும். ரசீதில் தேதியோடு மணி, நிமிடம், எந்த கவுன்டர் என்பதையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்வது அதற்காகத்தான்.